ஃபியூச்சர்ஸ் விலை பங்கின் விலைக்குக் கீழே நின்றால்: பேசிஸைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேசியப் பங்குச் சந்தையில் ஒரு பங்கு 1,000 ரூபாய்க்கு விற்கும்போது அதைப் பின்னொரு குறித்த நாளில் இன்றே பேசிய விலைக்கு வாங்கவோ விற்கவோ செய்யும் ஒப்பந்தமான நடப்பு மாத ஃபியூச்சர்ஸ் 991 ரூபாயில் நின்றால், பங்கு இறங்கப்போகிறது என்று சந்தை சொல்வதாக எடுத்துக்கொள்வதே பலரும் செய்யும் முதல் தவறு. ஃபியூச்சர்ஸ் விலை யாருடைய கணிப்பும் அன்று. இன்று பங்கை வாங்கி, ஒப்பந்தம் முடியும் நாளான எக்ஸ்பைரி வரை கையில் வைத்திருக்க ஆகும் வட்டியைப் பங்கின் விலையோடு கூட்டி, இடையில் வரும் டிவிடெண்டைக் கழித்தால் கிடைக்கும் தொகை அது; டிவிடெண்ட் போக நிற்கும் அந்த வட்டிச் செலவைத்தான் காஸ்ட் ஆஃப் கேரி என்கிறோம். ஃபியூச்சர்ஸ் விலையிலிருந்து பங்கின் விலையைக் கழித்தால் வருவது பேசிஸ்.

எக்ஸ்பைரிக்கு 30 நாள் இருக்கிறது, ஆண்டு வட்டி 7.3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி 20 காசு, 30 நாளுக்கு 6 ரூபாய். டிவிடெண்ட் இல்லையென்றால் ஃபியூச்சர்ஸ் 1,006 ரூபாயில் இருக்க வேண்டும். அது 1,012 ரூபாய்க்கு ஏறினால், ஒருவர் கடன் வாங்கிப் பங்கை வாங்கி, அதே நேரத்தில் ஃபியூச்சர்ஸை விற்றுவிடுவார். எக்ஸ்பைரியில் பங்கைக் கொடுத்து 1,012 ரூபாய் பெற்று, வட்டியோடு 1,006 ரூபாய்க் கடனை அடைத்தால், செலவுகளைக் கழிக்கும் முன் 6 ரூபாய் மிஞ்சும். இடையில் பங்கு 800 ரூபாய்க்கு இறங்கினாலும் 1,200 ரூபாய்க்கு ஏறினாலும் இந்த 6 ரூபாய் மாறாது. பங்கைப் பற்றிய நல்லெண்ணமும் சந்தேகமும் அந்த 1,000 ரூபாயிலேயே அடங்கிவிட்டன. பேசிஸில் அவற்றைத் தேட வேண்டியதில்லை.

அப்படியானால் 991 எப்படி வந்தது? இன்னும் 15 நாளில் 15 ரூபாய் டிவிடெண்டுக்கான எக்ஸ் தேதி வருகிறது. அந்தத் தேதிக்கு முன்பே பங்கை வைத்திருப்பவருக்கு டிவிடெண்ட் கிடைக்கும், ஃபியூச்சர்ஸ் வாங்கியவருக்குக் கிடைக்காது. ஆகவே 1,006 ரூபாயிலிருந்து 15 கழிகிறது. ஆனால் எல்லா டிவிடெண்டையும் இப்படிக் கழிப்பதும் தவறாகிவிடும். பங்கு விலையில் 2 சதவீதமோ அதற்கு மேலோ டிவிடெண்ட் வந்தால், பங்குச் சந்தை நிர்வாகமே ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்தின் விலையை அந்த அளவுக்குக் குறைத்துச் சரிசெய்துவிடும். நம் எடுத்துக்காட்டில் அது 1.5 சதவீதம் என்பதால் அந்தச் சரிக்கட்டல் இல்லை.

பேசிஸ் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்து பூஜ்யமாகும் என்று நம்புவது அடுத்த தவறு. பங்கின் விலை மாறாமலே இருந்தாலும், எக்ஸ் தேதிக்கு முந்தைய மாலையில் மீதி 15 நாள் வட்டி 3 ரூபாய்தான். ஃபியூச்சர்ஸ் 988 ரூபாய், பேசிஸ் மைனஸ் 12. அதாவது மைனஸ் 9 ரூபாயிலிருந்து அது பூஜ்யத்தை விட்டு விலகித்தான் போயிருக்கிறது. மறுநாள் காலை பங்கு டிவிடெண்ட் அளவுக்கு இறங்கி 985 ரூபாயில் தொடங்கும்; அதோடு சுமார் 3 ரூபாய் வட்டியைக் கூட்டினால் ஃபியூச்சர்ஸ் அதே 988 ரூபாய். பேசிஸ் ஒரே இரவில் மைனஸ் 12 ரூபாயிலிருந்து பிளஸ் 3 ரூபாய்க்குத் தாவிவிட்டது, ஃபியூச்சர்ஸ் விலையோ அசையவே இல்லை. இந்தத் தாவலைப் பார்த்து வாங்குவோர் திரும்பிவிட்டார்கள் என்று ஃபியூச்சர்ஸ் வாங்குபவர்கள், நடக்காத ஒன்றுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

எக்ஸ்பைரி அன்று கூட்ட வேண்டிய வட்டிக்கு நாள் மிச்சமில்லை, கழிக்க வேண்டிய டிவிடெண்டும் இல்லை. 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஃபியூச்சர்ஸும் பங்கையே கொடுத்து வாங்கித் தீர்க்கப்படுவதால், அன்று முடிவில் ஃபியூச்சர்ஸை வைத்திருப்பதும் பங்கை வாங்குவதும் ஒன்றேதான். ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருந்தால் மலிவானதை வாங்கி மற்றதை விற்பவர்கள் அந்த இடைவெளியை மூடிவிடுவார்கள். நிஃப்டி ஃபியூச்சர்ஸில் குறியீட்டெண்ணின் முடிவு மதிப்பிலேயே பணமாகக் கணக்கு தீர்வதால், பேசிஸ் பூஜ்யமாவது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. கடைசி நிமிடத்தில் திரையில் ஒன்றிரண்டு ரூபாய் வித்தியாசம் தெரிந்தால் கலங்க வேண்டாம். கணக்கு தீர்வது முடிவு விலையில்தான், திரையில் தெரியும் கடைசி வர்த்தக விலையில் அன்று.

கடைசியாக, டிஸ்கவுண்ட் தெரிந்தவுடன் அதை இலவச லாபமாகக் கருத வேண்டாம். ஃபியூச்சர்ஸ் மலிந்தால் அதை வாங்கிப் பங்கை விற்க வேண்டும். கையில் இல்லாத பங்கை விற்றுப் பல நாள் வைத்திருக்க அதை இரவல் வாங்க வேண்டும். அந்த இரவல் சந்தை மிகச் சிறியது. அதனால் மேல்பக்க விலகல் மறைவதைவிடக் கீழ்ப்பக்க விலகல் நீண்ட நாள் நிற்கக்கூடும். பங்கை ஏற்கெனவே வைத்திருப்பவரால் 1,000 ரூபாய்க்கு விற்று, 991 ரூபாய்க்கு ஃபியூச்சர்ஸ் வாங்கி, பணத்துக்கு 6 ரூபாய் வட்டியும் பெற முடியும். வரி, தரகு போன்றவை நீங்கலாக மொத்தம் 15 ரூபாய் வரும். நிறுவனத்தின் டிவிடெண்ட் அறிவிப்பைத் திறந்து பார்த்தால், அவர் விட்டுக்கொடுத்ததும் அதே 15 ரூபாய்தான் என்பது தெரியும்.