மினுக்கும் சுவர்கள்: நியர் பிளேனில் செய்யக்கூடாத தவறு

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவர் ஒரு நீண்ட தெருவை 3டி விளையாட்டுக்கான லெவலாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இருபுறமும் கட்டடங்கள், ஒவ்வொரு சுவரிலும் ஒரு பெயர்ப்பலகை. தெருவின் இந்த முனையில் நின்று பார்த்தால் அந்த முனையிலுள்ள பலகைகள் கீற்றுக் கீற்றாகக் கிழிந்து மினுக்குகின்றன. நடந்தால் கீற்றுகள் ஓடுகின்றன, நின்றால் அப்படியே உறைந்துவிடுகின்றன. பலகைகளைச் சுவரிலிருந்து இன்னும் சற்று முன்னால் இழுத்துவைப்பதுதான் அவர்கள் கண்ட வைத்தியம். நேற்று எட்டிப் பார்த்தபோது நாற்பதாவது பலகையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் வீணாக்கிய இரண்டு வாரங்கள் நினைவுக்கு வந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டெப்த் டெஸ்ட்டை இயக்க மறப்பது, ஒரே பொருளைத் தெரியாமல் இரண்டு முறை வைத்துவிடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

## எதனால் மினுக்குகிறது என்று பார்க்காமலே கைவைப்பது

தூரத்தில் மினுக்குவதெல்லாம், எது முன்னால் என்று முடிவுசெய்ய ஒவ்வொரு பிக்சலின் ஆழத்தையும் குறித்துவைக்கும் டெப்த் பஃபரின் குற்றம் அல்ல. நுணுக்கமான டெக்ஸ்சரும் தூரத்தில் மினுக்கும். பிரித்தறிய எளிய வழி இருக்கிறது: இரண்டு பரப்புகளின் டெக்ஸ்சரையும் எடுத்துவிட்டு ஒன்றுக்கு வெறும் சிவப்பும் மற்றொன்றுக்கு வெறும் பச்சையும் கொடுங்கள். அப்போதும் சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாகக் கலந்து தெரிந்தால், எது முன்னால் இருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

பிறகு அந்த இடத்துக்கு நடந்து போங்கள். கிட்டே போனதும் மினுக்கல் நின்றுவிட்டால் துல்லியம் போதவில்லை என்று பொருள். மூக்கு முட்டும் தூரத்திலும் மினுக்கினால் இரண்டு பரப்புகளும் ஒரே தளத்தில் கிடக்கின்றன. இவை இரண்டும் வேறு வேறு நோய்கள்.

## நியர் பிளேனைக் கேமராவை ஒட்டி வைப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். அந்தத் தெரு லெவலின் கேமரா அமைப்பைத் திறந்து பார்த்தேன். நியர் 0.01, ஃபார் 1000. அதாவது கேமரா வரைவது ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை.

டெப்த் பஃபர் தூரத்தை மீட்டரில் சேமிப்பதில்லை. வழக்கமான பெர்ஸ்பெக்டிவ் கணக்கில் அது சேமிப்பது இதை (z கேமராவிலிருந்து உள்ள தூரம், n நியர், f ஃபார்):

```
d = f/(f-n) * (1 - n/z)
```

z இருமடங்கு நியரை எட்டும்போதே d ஏறக்குறைய பாதியைத் தொட்டுவிடுகிறது. நியர் 0.01 என்றால், 24 பிட் பஃபரில் உள்ள சுமார் 1.68 கோடி எண்களில் பாதி, கேமராவுக்கு முன்னால் ஒரே ஒரு சென்டிமீட்டருக்குச் செலவாகிவிடுகிறது. ஒரு மீட்டர் தாண்டுவதற்குள் 99 சதவீதம் தீர்ந்துவிடுகிறது. மீதமுள்ள ஒரு சதவீதத்தைத்தான் அந்தத் தெரு முழுவதும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

குறிப்பிட்ட தூரத்தில் பஃபரால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறக்குறைய இவ்வளவு:

```
dz = z*z / (n * 2^24)
```

தூரத்தின் வர்க்கம் மேலே இருக்கிறது, நியர் கீழே இருக்கிறது. நியர் 0.01 என்றால் 100 மீட்டரில் இந்த இடைவெளி சுமார் 6 சென்டிமீட்டர், 500 மீட்டரில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். அவர்களுடைய பலகைகள் முதலில் சுவரிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி இருந்தன. கணக்குப்படி 58 மீட்டரைத் தாண்டினால் பலகையும் சுவரும் ஒரே எண்ணாகிவிடலாம். முக்கோணங்களின் முனைகளைக் கணக்கிடுவதில் சேரும் சிறு பிழைகளால் மினுக்கல் அதற்கும் முன்னரே தொடங்கிவிடும்.

நியரை 0.2 ஆக்கினால் அந்த 58 மீட்டர் சுமார் 259 மீட்டராகிறது. மாற்றியது ஓர் எண்ணைத்தான். ஒரு பலகையைக்கூடத் தொடவில்லை.

நான் வீணாக்கிய அந்த இரண்டு வாரங்களில் நானும் பலகைகளை 2 சென்டிமீட்டரிலிருந்து 5, பிறகு 10, பிறகு 15 என்று இழுத்துக்கொண்டே போனேன். தூரத்தில் மினுக்கல் குறைந்தது. ஆனால் கிட்டே போனால் பலகைகள் காற்றில் மிதந்தன, அவற்றின் நிழல் சுவரில் விலகி விழுந்தது, பக்கவாட்டில் பார்த்தால் இடைவெளி தெரிந்தது. நியரை மாற்றிய பிறகு அத்தனையையும் பழைய இடத்துக்குத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

யாரும் 0.01 என்று காரணமில்லாமல் வைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர் சுவரை ஒட்டி நின்றால் சுவர் வெட்டுப்பட்டு உள்ளே தெரிகிறது. உடனே நியரைக் குறைத்துவிடுகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது நியர் செவ்வகத்தின் மூலை கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை. செங்குத்துப் பார்வைக்கோணம் 60 பாகை, திரை 16:9 என்றால் அது நியரைப் போல சுமார் 1.55 மடங்கு. நியர் 0.2 என்றால் மூலை 31 சென்டிமீட்டரில் இருக்கும். ஆட்டக்காரரைச் சுற்றியுள்ள மோதல் உருளையின் ஆரம் 35 சென்டிமீட்டராக இருந்து, கேமரா அதன் நடுவில் இருந்தால், சுவர் வெட்டுப்பட வழியில்லை.

கையில் பிடித்திருக்கும் விளக்கு வெட்டுப்படுகிறது என்பது இரண்டாவது காரணம். தெருவை முதலில் வரைந்து, டெப்த்தை அழித்துவிட்டு, கையையும் விளக்கையும் மட்டும் தனி நியரோடு பிறகு வரையுங்கள். மூடுபனி போல டெப்த்தைப் படிக்கும் விளைவுகள் இருந்தால், அழிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்துவைக்க வேண்டும். கைக்கு வேண்டிய ஐந்து சென்டிமீட்டருக்காக ஒரு கிலோமீட்டரின் துல்லியத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

## ஃபார் பிளேனைக் குறைப்பது

மேலே உள்ள இரண்டாவது சூத்திரத்தில் f இல்லவே இல்லை. ஃபாரைக் குறைத்தாலும் மினுக்கல் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

## ஒரே தளத்தில் இரண்டு பரப்புகளை விட்டுவைப்பது

கண்ணுக்குத் தெரியாத பரப்பை நீக்குங்கள். சாலைக்கோடு, கறை போன்று ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியவற்றுக்கு மட்டும் `glEnable(GL_POLYGON_OFFSET_FILL)` செய்து `glPolygonOffset(-1, -1)`. முதல் எண் பரப்பின் சாய்வுக்கு ஏற்பவும், இரண்டாவது எண் பஃபரின் மிகச் சிறிய படியைக் கொண்டும் அதைக் கேமராப் பக்கம் இழுக்கும்.

## டெப்த் பஃபரை 32 பிட் ஃப்ளோட்டுக்கு மாற்றி அங்கேயே நின்றுவிடுவது

ஃப்ளோட் எண்கள் பூஜ்யத்துக்கு அருகில்தான் நெருக்கமாக இருக்கின்றன. வழக்கமான அமைப்பில் பூஜ்யம் இருப்பது நியரில். ஏற்கெனவே எண்கள் வீணாகும் இடத்திலேயே இன்னும் எண்களைக் கொட்டுவதால் தூரத்துச் சுவருக்குப் பயன் இல்லை.

திசையைத் திருப்ப வேண்டும். டெப்த் நியரில் 1, ஃபாரில் 0 என்று வைத்தால் ஃப்ளோட்டின் நெருக்கம் தூரத்துக்குப் போய்ச் சேர்கிறது. அப்போது 0.01 நியரிலும் 500 மீட்டரில் டெப்த் சேமிப்பின் படி ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஓபன்ஜிஎல் 4.5 முதல் இவை போதும். கூடவே ப்ரொஜெக்‌ஷன் மேட்ரிக்ஸையும் திருப்பி எழுத வேண்டும்:

```
glClipControl(GL_LOWER_LEFT, GL_ZERO_TO_ONE);
glClearDepth(0.0);
glDepthFunc(GL_GREATER);
```

முதல் வரியை விட்டுவிட்டால் டெப்த் -1 முதல் 1 வரையிலான வரம்பிலிருந்து மாற்றப்படும்போதே கிடைத்த துல்லியம் கரைந்துவிடும். திருப்பிய பிறகு பாலிகன் ஆஃப்செட்டின் குறிகளையும் நேர் எண்களாக மாற்றுங்கள். மாற்றாவிட்டால் சாலைக்கோடுகள் மினுக்காது. சாலைக்கு அடியில் போய் மறைந்துவிடும்.