மிச்சமான கிரெடிட்டை வருமானமாக எழுதும்போது நடக்கும் தவறுகள்

சேலத்தில் நான் கணக்குப் பார்க்கும் ஒரு சின்ன நிறுவனம், கடைகளுக்கு மெசேஜ் அனுப்பும் சாஃப்ட்வேர் விற்கிறது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிக்கொலுசுக் கடைக்காரர்கள். மாதம் 1,000 ரூபாய்க்கு 1,000 கிரெடிட், ஒரு மெசேஜுக்கு ஒரு கிரெடிட். மிச்சம் இருந்தால் அடுத்த ஒரு மாதத்துக்கு மட்டும் போகும், அப்புறம் காலாவதி.

பணம் வந்த அன்றைக்கே 1,000 ரூபாயையும் வருமானமாக எழுதுவதுதான் முதல் தவறு. கடைக்காரர் இன்னும் ஒரு மெசேஜும் அனுப்பவில்லையே! அதுவரை அது நாம் பட்டிருக்கும் கடன், பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புப் பக்கம் உட்கார வேண்டும். பில் போட்டதும் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும் என்பதால், வருமானமும் அன்றே என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வரி வேறு கணக்கு, வருமானம் வேறு கணக்கு.

இது தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு கடையின் மிச்சத்தை ஒற்றை எண்ணாக மட்டும் சேமித்து வைப்பது. ஏப்ரலில் ஒரு கடைக்காரர் 600 கிரெடிட் செலவழித்தார், 400 மிச்சம். மே மாதம் புதிதாக 1,000 வந்தது, அதில் 700 செலவு. திரையில் பார்த்தால் மிச்சம் 700. சரி, அந்த 700-இல் எது ஏப்ரலுடையது, எது மே மாதத்துடையது?

பழையது முதலில் கழியும் என்றால், ஏப்ரலின் 400-ம் மே மாதத்தின் 300-ம் செலவாகிவிட்டன. எதுவும் காலாவதியாகவில்லை. மே வருமானம் 700 ரூபாய், ஜூனுக்குப் போகும் பொறுப்பு 700. புதியது முதலில் கழியும் என்றால் கதையே வேறு. 700-ம் மே கணக்கில் கழிந்து, ஏப்ரலின் 400 மாதக் கடைசியில் காலாவதி. காலாவதியானதும் அந்தக் கடன் நமக்கு இல்லை, அதுவும் வருமானமாகிவிடும். மே வருமானம் 1,100, பொறுப்பு வெறும் 300. அதே கடை, அதே மெசேஜ்கள். கழிக்கும் வரிசை மாறியதற்கே 400 ரூபாய் வித்தியாசம்.

அந்த நிறுவனத்தில் சாஃப்ட்வேர் புதியதை முதலில் கழித்தது. கணக்குப் புத்தகத்திலோ நாங்கள் பழையதை முதலில் கழித்துக்கொண்டிருந்தோம். மாதக் கடைசியில் எல்லாக் கடைகளின் மிச்சக் கிரெடிட்டையும் கூட்டி விலையால் பெருக்கினால் பொறுப்புக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லை; அப்படித்தான் பிடிபட்டது. ஒவ்வொரு மாதக் கிரெடிட்டையும் வாங்கிய தேதி, காலாவதித் தேதியோடு தனி வரிசையாக வைத்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை. பழையதை முதலில் கழிப்பதுதான் கடைக்காரருக்கும் நியாயம் என்பது என் எண்ணம்.

அடுத்தது, காலாவதியாகப் போவதை முன்கூட்டியே மதிப்பிடுவது. வருமானத்தை எப்போது எழுதுவது என்று சொல்லும் இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏ.எஸ். 115 விதிப்படி, ஒரு பகுதி பயன்படாமல் போகும் என்று நம்பகமாகச் சொல்ல முடிந்தால், அந்தத் தொகையை வாடிக்கையாளர் பயன்படுத்தும் வேகத்துக்கேற்பப் பிரித்து எழுத வேண்டும். இதே நிறுவனம் 10,000 ரூபாய்க்கு 10,000 கிரெடிட் கொண்ட ஓராண்டுப் பொதியும் விற்கிறது. அதில் 2,000 எப்போதும் தீராது என்று பழைய கணக்கு காட்டினால், செலவாகப் போவது 8,000. ஆக, செலவாகும் ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் 1 ரூபாய் 25 காசு வருமானம். ஒரு மாதம் 2,000 செலவானால் 2,500 ரூபாய். 12-ஆல் வகுத்து மாதாமாதம் சமமாக எழுதுவது தப்பு. கல்யாண மாதமான தையில் கொலுசுக் கடை மெசேஜாக அனுப்பித் தள்ளும். மார்கழியில் ஒன்றும் இருக்காது.

நம்பகமான பழைய கணக்கு இல்லாத புதுத் திட்டம் என்றால், கழிந்ததை மட்டும் எழுதி, மீதியை வாடிக்கையாளர் இனிப் பயன்படுத்த வாய்ப்பே இல்லை என்று ஆனபின், பெரும்பாலும் காலாவதியன்று, எழுத வேண்டும். மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகாத நாளில் எடுத்த, வீணாகும் கிரெடிட்டின் சதவீதத்தை, போகும் திட்டத்துக்கு அப்படியே போடுவதும் கூடாது. போக விட்டால் வீணாவது குறையும்.

கடைசியாக, கருணை. "அண்ணா, ஆடி மாசம் வியாபாரமே இல்ல, போன மாசத்து கிரெடிட்ட திருப்பிப் போட்டுக் குடுங்க" என்று போன் வரும். எங்கள் ஆள் உடனே போட்டுவிடுவார். எப்போதோ ஒருவருக்கு என்றால் பரவாயில்லை. கேட்டவருக்கெல்லாம் கொடுப்பது வழக்கமாகிவிட்டால், ஒப்பந்தத்தில் எழுதிய காலாவதித் தேதி பெயருக்குத்தான். அந்தத் தேதியை நம்பி எழுதிய வருமானம் தாங்காது. எத்தனை முறை திருப்பிக் கொடுத்தோம் என்று எண்ணிப் பார்த்தோம். அந்த அளவைக் காலாவதி மதிப்பீட்டிலிருந்து குறைத்து எழுதினோம். முதலாளிக்கு முகம் சுருங்கியது.