ஸ்காட் ஏலத்தில் 30 கேட்கும் முன்

ஜெர்மனியின் ஸ்காட் சீட்டாட்டத்தில் ஏலம் எடுத்தவர் தனியாக மற்ற இருவரை எதிர்த்து ஆடுவார். கையில் மேல் ஜாக்குகள் இல்லாதபோது எதுவரை ஏலம் கேட்கலாம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஜாக்குகளின் வரிசை கிளாவர், இஸ்பேட், ஆட்டின், டைமன். உங்களிடம் ஆட்டின் ஜாக்கும் நல்ல ஆட்டின் சீட்டுகளும் இருக்கின்றன, மேலே உள்ள இரண்டு ஜாக்குகளும் இல்லை என்று வையுங்கள். 'இரண்டு இல்லாமல்', ஆட்டத்துக்கு ஒன்று, ஆக மூன்று. ஆட்டின் மதிப்பு 10, எனவே 30 வரை கேட்கலாம் என்று தோன்றும்.

சிக்கல், ஏலம் எடுத்தவருக்குச் சேரும் கவிழ்த்து வைத்த இரண்டு சீட்டில் இருக்கிறது. அதில் இஸ்பேட் ஜாக் வந்தால் நீங்கள் 'ஒன்று இல்லாமல்' ஆகிவிடுவீர்கள். கிளாவர் ஜாக் வந்தால் 'ஒன்றுடன்'. இரண்டிலும் மதிப்பு 20தான். நல்ல சீட்டு வந்தும் நஷ்டம்! அப்புறம் எதிராளிகளை 30 புள்ளிக்கு மேல் எடுக்கவிடாமல் ஷ்னைடர் ஆக்கினால்தான் 30 தேறும். அல்லது ஜாக்குகள் மட்டுமே துருப்பாக இருக்கும் கிராண்டுக்கு மாற வேண்டும், அது 48. இரண்டும் முடியாவிட்டால் 60 கழியும்.

அப்படி ஒரே ஒரு ஜாக் அங்கே கிடக்க வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 17. அதனால் 20 வரை தயங்காமல் கேளுங்கள். அதற்கு மேல் போவதென்றால், கிராண்ட் ஆடும் அளவுக்கு ஏஸ்கள் கையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் 22க்கே பாஸ் சொல்லிவிடுவேன்.