சாய்வு 2, t 2.39: காசிமேட்டுக் கணக்கில் தவறும் இடங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் மாலை நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லித் தருகிறேன். போன மாதம் ஒரு பையன் அவன் சித்தப்பாவின் விசைப்படகுக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தான். காசிமேட்டிலிருந்து போய்க் கடலில் எத்தனை நாள் தங்கினார்கள், எத்தனை பெட்டி மீன் வந்தது என்று எட்டுப் பயணங்களின் கணக்கு அதில் இருந்தது. கூடுதலாக ஒரு நாள் தங்கினால் எத்தனை பெட்டி கூடும் என்பதுதான் அவன் கேள்வி. டீசலும் ஐஸும் நாளுக்கு நாள் செலவு வைப்பதால் அது வீட்டுக்கும் தேவையான கேள்வி.

கையால் போட்டுப் பார்க்க வசதியாக எண்களைக் கொஞ்சம் சீராக்கித் தருகிறேன். தங்கிய நாள்கள் 3, 4, 5, 6, 7, 8, 9, 10. பெட்டிகள் அதே வரிசையில் 26, 20, 32, 23, 35, 28, 41, 35. இதற்குப் பொருந்தும் கோடு ŷ = 17 + 2x. சாய்வு 2, அதாவது நாளுக்கு இரண்டு பெட்டி. உண்மையான சாய்வு பூஜ்ஜியமாகவே இருந்து, இந்த 2 வெறும் ஏற்ற இறக்கத்தால் வந்திருக்கலாமா என்பதை t கொண்டு சோதிக்க வேண்டும்.

பையன் முதலில் தவறியது திட்டப்பிழையில். கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் விலகும் அளவை எடுத்து, வர்க்கமாக்கிக் கூட்டினால் 176 வருகிறது. அதை 6-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் s = 5.42. இதுவரை சரி. பிறகு சராசரிக்குச் செய்து பழகிய கையோடு, s-ஐ √8-ஆல் வகுத்துவிட்டான். திட்டப்பிழை 1.91 என்றும் t 1.04 என்றும் வந்தன. சாய்வின் திட்டப்பிழைக்குச் சூத்திரம் வேறு:

```
SE(b) = s / √Σ(x − x̄)²
```

இங்கே Σ(x − x̄)² = 42. ஆகவே SE = 5.416 / 6.481 = 0.836. t = 2 / 0.836 = 2.39.

கீழே √n வராமல் x-இன் பரவல் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பலகையின் சரிவை அளக்க, அதன் இரு முனைகளையும் எட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் நெருக்கமாக இரண்டு இடத்தைப் பார்த்தால் சரிவு பிடிபடாது. அதே எட்டுப் பயணங்களில் நான்கு 6 நாளும் நான்கு 7 நாளுமாக இருந்திருந்தால், கீழே வரும் கூட்டுத்தொகை 42-லிருந்து 2-க்கு விழும். மீன் வரத்தின் ஏற்ற இறக்கம் அதேதான் என்றாலும் திட்டப்பிழை 3.83 ஆகிவிடும். n மாறவே இல்லை, ஆனால் சாய்வைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

அடுத்த தவறுதான் முடிவையே புரட்டிப்போடுவது: t-ஐ எந்த எண்ணோடு ஒப்பிடுவது? 5% அளவில், இருபக்கச் சோதனைக்கு, 1.96 என்று மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் அதிகம். 2.39 அதைத் தாண்டுகிறது. இன்னும் சிலர் n − 1 = 7 என்று அட்டவணையில் தேடி 2.365 எடுப்பார்கள். அதையும் தாண்டுகிறது. சரியான வரிசை n − 2 = 6. அங்கே இருக்கும் எண் 2.447. அதை 2.39 தாண்டவில்லை. p மதிப்பு சுமார் 0.054.

ஏன் இரண்டு கழிகிறது? இரண்டு பயணங்கள் மட்டும் இருந்தால், கோடு இரண்டு புள்ளிகளையும் துல்லியமாகத் தொட்டுப் போகும். விலகல் பூஜ்ஜியம். அதற்காக மீன் வரத்தில் ஏற்ற இறக்கமே இல்லை என்று ஆகிவிடாது. அதை அளக்கத் தகவல் மிச்சமில்லை, அவ்வளவுதான். வெட்டுத்துண்டு ஒன்று, சாய்வு ஒன்று என்று கோட்டுக்கே இரண்டு போய்விடுகிறது. மூன்றாவது புள்ளியிலிருந்துதான் விலகல் பேச ஆரம்பிக்கிறது. குறைந்த தரவில் s-ஐயும் நம்ப முடியாது என்ற அந்தத் தயக்கத்துக்குத்தான் t அட்டவணை இடம் கொடுக்கிறது. 1908-இல் டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலைபார்த்த கோசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் இதை எழுதியதும் சிறிய மாதிரிகளோடு மல்லுக்கட்டியதால்தான்.

நம்பிக்கை இடைவெளிக்கும் அதே 2.447 தான்: 2 ± 2.447 × 0.836. அதாவது −0.05 முதல் 4.05 வரை. பூஜ்ஜியம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. சோதனை சொன்னதும் இதையேதான். 1.96 போட்டிருந்தால் 0.36 முதல் 3.64 என்று வந்து, பூஜ்ஜியம் வெளியே போயிருக்கும். t சோதனை ஒன்று சொல்லி, இடைவெளி வேறொன்று சொன்னால், இரண்டில் ஒன்றுக்குத் தவறான எண்ணை எடுத்திருக்கிறீர்கள். அங்கேயே நின்று சரிபாருங்கள்.

கணினியில் போட்டாலும் ஒரு சறுக்கல் உண்டு. ஆர் மென்பொருளில்:

```
x <- 3:10
y <- c(26, 20, 32, 23, 35, 28, 41, 35)
m <- lm(y ~ x)
summary(m)
confint(m)
```

முதலில் வரும் (Intercept) வரிசையில் t 2.95, p சுமார் 0.026 என்று இருக்கும். கண் அதில் விழுந்து, "வந்துடுச்சு சார்" என்று பையன் சத்தம் போட்டான். அது 17-ஐப் பற்றிய சோதனை, கடலில் பூஜ்ஜிய நாள் தங்கினால் வரும் பெட்டிகளைப் பற்றியது. அதனால் யாருக்கும் பயனில்லை. நமக்கு வேண்டியது x வரிசை.

அது 0.054 என்று தெரிந்ததும் அடுத்துக் கேட்டான்: "நாள் கூடினா மீன் கூடத்தானே செய்யும், ஒருபக்கச் சோதனை போட்டா என்ன சார்?" ஒருபக்கத்துக்கு எண் 1.943, 2.39 தாராளமாகத் தாண்டும். நோட்டைத் திறப்பதற்கு முன்பே அப்படி முடிவு செய்திருந்தால் மறுக்க மாட்டேன். 0.054-ஐப் பார்த்த பிறகு மாற்றினால் 5% என்ற பேச்சுக்கே அர்த்தம் போய்விடும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அதற்காக, "நாள் கூடினாலும் மீன் கூடாது" என்று சித்தப்பாவிடம் போய்ச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. இடைவெளியில் பூஜ்ஜியம் ஓரத்தில் இருக்கிறது. நாளுக்கு நான்கு பெட்டி என்பதும் உள்ளேதான் இருக்கிறது. ஒரு நாள் செலவு மூன்று பெட்டி விலைக்குச் சமம் என்றால், தங்குவது லாபமா நட்டமா என்று இந்த எட்டுப் பயணங்களால் சொல்ல முடியாது. சரியாகச் சொல்ல முடிந்தது அவ்வளவே. 95% என்பது பயணங்களைப் பற்றியது என்று நினைப்பவர்களும் உண்டு. இந்த இடைவெளி சராசரிச் சாய்வுக்கானது. தனிப் பயணங்கள் அதைவிட மிக அகலமாகச் சிதறும். 6 நாள் தங்கிய பயணம் கோட்டுக்கு ஆறு பெட்டி கீழே இருப்பதைப் பாருங்கள்.

இதே பரவலில் இன்னும் எட்டுப் பயணங்கள் சேர்ந்து, சாய்வும் s-உம் அப்படியே இருந்தால், 42 என்பது 84 ஆகும், இடைவெளி 0.73 முதல் 3.27 வரை சுருங்கும். ஆனால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. தடை முடிந்து போகும் முதல் பயணங்களில் வரத்து தனியாகத் தூக்கிக் காட்டும். அவற்றையும் மற்ற மாதத்துப் பயணங்களையும் ஒரே கோட்டில் போட்டால், அடுத்தடுத்த விலகல்கள் ஒரே பக்கம் சாயும். திட்டப்பிழை சொல்லும் அளவை நம்ப முடியாது. ஆகவே 16 பயணங்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்து, p விழும்வரை சேர்த்துக்கொண்டே போகாமல், தேதிக்கு ஒரு பத்தி கூடுதலாகப் போட்டு எழுதச் சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.