கடிகாரம் காட்டும் HRV: ஒரு நாள் எண்ணைப் பார்க்காதீர்கள்

தூக்கம் கெட்டு, வேலையும் நெருக்கும் வாரத்தில் ஸ்மார்ட் கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு மாறுபாடு (HRV), அதாவது துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்ற அளவு, சரிந்தால், அன்றைய எண்ணை விட்டுவிட்டு ஏழு நாள் சராசரியை உங்கள் வழக்கமான வரம்போடு ஒப்பிடுங்கள்; பக்கத்திலேயே ஓய்வுநிலை நாடித்துடிப்பையும் பாருங்கள்.

உதாரணமாக, வழக்கமாக 45 முதல் 55 மில்லிசெகண்ட் வரை இருப்பவருக்குத் திங்கள் முதல் ஞாயிறு வரை 50, 47, 38, 44, 40, 36, 39 என்று வந்தால் சராசரி 42. புதன்கிழமை 38 மட்டும் தனியாக வந்திருந்தால் அதற்குப் பொருளே இல்லை. இரவு பத்தரைக்குச் சாப்பிட்ட பிரியாணிகூட அதைச் செய்யும். சராசரியே வரம்புக்குக் கீழே போனதுதான் செய்தி: இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்து, துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளியின் ஏற்ற இறக்கம் வழக்கத்தைவிடக் குறைந்திருக்கலாம். அந்த வாரம் கடும் உடற்பயிற்சியை நடையாகக் குறைத்துவிட்டு, முதலில் தூங்குங்கள்.

நாடித்துடிப்பும் வழக்கத்தைவிட ஐந்தாறு கூடி, உடம்பும் வலித்தால் காய்ச்சலின் தொடக்கமாக இருக்கலாம். வேலைமேல் பழிபோட வேண்டாம். ஒழுங்கற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு எண் பொய்யாகவே உயர்ந்து காட்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கியவர்களும், கடிகாரத்தை மாற்றியவர்களும் பழைய வரம்போடு ஒப்பிட முடியாது.