சொத்து வரி ரசீதை நாமே சரிபார்ப்பது எப்படி? தண்டையார்பேட்டை வீடு ஒன்றை வைத்து ஒரு கணக்கு

சொத்து வரி ரசீதில் இருக்கும் தொகையை நம்மில் பலர் அப்படியே கட்டிவிட்டு வருகிறோம். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதை ஒரு மாலை நேரத்தில் நாமே போட்டுப் பார்த்துவிடலாம். வேண்டியது ஒரு அளவு நாடா, ரசீது, ஒரு தாள். கணக்கில் தப்பு இருந்தால் அது பெரும்பாலும் பெருக்கலில் இருக்காது, வீட்டின் பரப்பளவில்தான் இருக்கும். அதனால் அங்கேதான் அதிக நேரம் செலவிடப் போகிறோம்.

முதல் படி: கட்டடத்தை அளப்பது

பத்திரத்தில் இருப்பது மனையின் அளவு. அரை கிரவுண்டு என்றால் 1,200 சதுர அடி. பலர் அதையே எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டு, 'வரி ஒத்து வரவில்லையே' என்று குழம்புகிறார்கள். வரிக்கு வேண்டியது கட்டடப் பரப்பு: வெளிச்சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து எதிர்ச்சுவரின் வெளிப்பக்கம் வரை, ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக. அறைக்குள் நின்று அளந்தால் சுவரின் கனம் விட்டுப்போகும்.

நம் எடுத்துக்காட்டு வீடு தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. முகப்பு 20 அடி, முன்னிருந்து பின் வரை 32 அடி. கீழ்த்தளம் 640 சதுர அடி. மாடியில் முன்பக்கம் 6 அடிக்குத் துணி காயப்போடும் திறந்த மாடி, அதற்குப் பின்னால் 26 அடிக்கு வீடு. ஆகவே மாடியில் கட்டடம் 20 × 26 = 520 சதுர அடிதான். மொத்தம் 1,160.

இப்போது சென்னை மாநகராட்சியின் பதிவில் இருக்கும் பரப்பளவைப் பாருங்கள். அங்கே 1,280 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,280-ஐ இரண்டால் வகுத்தால் 640. கீழே எவ்வளவோ மேலேயும் அவ்வளவே என்று எழுதி, மேலே கூரையில்லாத 120 சதுர அடியையும் வீடாகச் சேர்த்துவிட்டார்கள் என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது. இரண்டு தளமும் அச்சு மாறாமல் ஒரே அளவில் பதிவாகியிருந்தால் முதலில் மாடிக்குத்தான் போய் அளக்க வேண்டும். வடசென்னையின் பழைய வீடுகளில் கீழும் மேலும் ஒரே அளவில் இருப்பது குறைவு.

இரண்டாம் படி: தெருவின் அடிப்படை விலை

மாநகராட்சி ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று மாத வாடகை மதிப்பு வைத்திருக்கிறது. குடியிருப்புக்கு ஒரு விலை, கடை போன்ற மற்ற பயன்பாட்டுக்கு அதைவிடக் கூடுதலாக இன்னொரு விலை. நீங்கள் நிஜமாக வாங்கும் வாடகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் தெருவின் விலையைப் பட்டியலில் தெருப் பெயரை வைத்துத் தேடி எடுங்கள். இங்கே கணக்குக்காகக் குடியிருப்புக்கு 2 ரூபாய், கடைக்கு 6 ரூபாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

1,160 × 2 = 2,320 ரூபாய். இது மாத வாடகை மதிப்பு.

மூன்றாம் படி: 12 இல்லை, 10.92

ஆண்டுக்கு 12 மாதம்தானே, ஏன் 10.92-ஆல் பெருக்குகிறார்கள்? மாத மதிப்பில் 10 சதவீதம் நிலத்துக்கு, 90 சதவீதம் கட்டடத்துக்கு என்று பிரிக்கிறார்கள். நிலம் தேயாது, அதற்குக் கழிவு கிடையாது. கட்டடத்துக்குப் பழுது பார்க்க வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அதனால் கட்டடப் பங்கில் மட்டும் 10 சதவீதம் கழிக்கிறார்கள்.

```
நிலம்:    12 × 0.10       = 1.20
கட்டடம்:  12 × 0.90 × 0.90 = 9.72
கூட்டினால்                = 10.92
```

நம் வீட்டுக்கு 2,320 × 10.92 = 25,334 ரூபாய். இதுதான் ஆண்டு மதிப்பு. சொந்தக்காரரே குடியிருப்பது, கட்டடத்தின் வயது ஆகியவற்றுக்குச் சலுகை உண்டு. உங்கள் மதிப்பீட்டு ஆணையில் அவை கழிக்கப்பட்டிருந்தால் அதே அளவை இங்கேயும் கழித்துக்கொள்ளுங்கள். நான் கணக்கு எளிதாக இருக்க அவற்றை விட்டுவிட்டேன்.

நான்காம் படி: வரி விகிதம்

ஆண்டு மதிப்பு கூடக் கூட விகிதமும் படிப்படியாகக் கூடும். அதற்குள் பொது வரியும் கல்வி வரியும் அடக்கம். நூலக வரியைத் தனியே பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பட்டியலில் இருக்கும் விகிதம் அரையாண்டு வரிக்கானது. கிடைத்த தொகையை மறுபடி இரண்டால் வகுத்துவிடாதீர்கள். 12 சதவீதம் என்று வைத்தால் அரையாண்டுக்கு 3,040 ரூபாய். பதிவில் இருக்கும் 1,280 சதுர அடிக்கு இதே கணக்கைப் போட்டால் 3,355. மொட்டை மாடியின் 120 அடிக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை 315 ரூபாய் கூடுதலாகப் போகிறது.

வீட்டின் முன்னறை 120 சதுர அடியை மளிகைக் கடைக்கு விட்டிருந்தால்? 1,040 × 2 = 2,080, அதோடு 120 × 6 = 720. மாத மதிப்பு 2,800, அரையாண்டு வரி 3,669. பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் கடை, மதிப்பில் கால் பங்குக்கு மேல் அதுவே எடுத்துக்கொள்கிறது. கடையை மூடி அறையை மறுபடி வீட்டோடு சேர்த்துக்கொண்டவர்கள் அதைப் பதிவில் மாற்றினார்களா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஷட்டரைக் கழற்றிவிட்டால் வரி தானாகக் குறையாது.

1,200 என்ற கோடு

2022-ல் வரியை உயர்த்தியபோது பரப்பளவை வைத்துத்தான் உயர்வை முடிவு செய்தார்கள். தண்டையார்பேட்டை, இராயபுரம் போன்ற பழைய மாநகராட்சிப் பகுதிகளில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150. திருவொற்றியூர், மணலி, மாதவரம் போல 2011-ல் சேர்ந்த பகுதிகளில் அதே வரிசையில் 25, 50, 75, 100.

நம் வீடு 1,160, அதாவது 75 சதவீத வரிசை. ஆனால் 1,280 என்று பதிவாகியிருந்ததால் 100 சதவீத வரிசைக்குத் தள்ளப்பட்டிருக்கும். உயர்வுக்கு முன் அரையாண்டுக்கு 1,500 கட்டியவர் என்று வைத்தால் அவருக்கு 2,625-க்குப் பதில் 3,000. 2024 அக்டோபரில் 6 சதவீதம் கூடியபோது அது 3,180 ஆகியிருக்கும், சரியான கணக்கில் 2,782 ரூபாய் 50 காசுதான். பழைய தப்பின் மேல்தான் ஒவ்வொரு உயர்வும் ஏறி உட்காருகிறது. உங்கள் பதிவு 600, 1,200, 1,800 ஆகிய எண்களைக் கொஞ்சம் தாண்டியிருந்தால் கட்டாயம் அளந்து பாருங்கள்.

தப்பு தெரிந்தால்

ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு படம் வரைந்து அளவுகளை எழுதுங்கள். திறந்த மாடியைக் கோடு போட்டுத் தனியே காட்டுங்கள். அனுமதி பெற்ற வரைபடம் இருந்தால் அதன் நகல், பத்திர நகல், கடைசி ரசீது, மாடியின் இரண்டு புகைப்படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் மண்டல அலுவலகத்தில் உதவி வருவாய் அலுவலர் பெயருக்கு மனு கொடுங்கள். மனுவின் மேலே மண்டலம், வட்டம், பில் எண், உட்பிரிவு எண் நான்கையும் ரசீதில் இருப்பது போலவே எழுதுங்கள். இன்னொரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளாமல் வர வேண்டாம்.

மனு நிலுவையில் இருக்கிறது என்று வரியை நிறுத்தி வைக்கும்படி நான் சொல்ல மாட்டேன். ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. அளக்க ஆள் வரும் நாளில் மாடிக் கதவின் சாவியைக் கையில் வைத்திருங்கள். அந்த 6 அடியை அவர் நேரில் நின்று பார்க்க வேண்டும்.