காலாண்டு விற்பனை ரிவியூ டெக்: முதல் ஸ்லைடிலேயே பதில்

நான் முதன்முதலில் தயாரித்த விற்பனை ரிவியூவில் 42 ஸ்லைடுகள் இருந்தன. இரண்டாவது ஸ்லைடு ஓடும்போதே மேனேஜர், "மதுரை ஏன்ப்பா விழுந்துச்சு?" என்று கேட்டார். பதில் 31-வது ஸ்லைடில் இருந்தது. அதைத் தேடி நான் திரையை உருட்டிக்கொண்டிருந்தபோது பாதிப் பேர் போனை எடுத்துவிட்டார்கள். இப்போது நான் செய்யும் டெக் ஒரு சம்மரி ஸ்லைடு, நாலைந்து விளக்க ஸ்லைடு, பின்னால் அப்பெண்டிக்ஸ், அவ்வளவுதான்.

ஒரு உதாரணத்தை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். மிக்ஸி, கிரைண்டர், கேஸ் அடுப்பு விற்கும் ஒரு கம்பெனி. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை, அதாவது 2025-26 நிதியாண்டின் இரண்டாம் காலாண்டு. விற்பனை எண்கள் எல்லாம் பழகுவதற்காக நானே போட்டவை.

படி 1: 'விற்பனை' என்றால் எது?

பவர்பாயின்ட்டைத் திறக்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். கம்பெனி ஸ்டாக்கிஸ்டுக்கு பில் போடுவது பிரைமரி. ஸ்டாக்கிஸ்ட் கடைக்கு விற்பது செகண்டரி. இரண்டும் ஒரே மாதத்தில் ஒத்துப்போவது அபூர்வம். நம் டெக்கில் பிரைமரியை எடுத்துக்கொள்கிறோம்: ஜிஎஸ்டி இல்லாமல், திரும்பி வந்த சரக்கைக் கழித்து. இந்த ஒரு வரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அப்பெண்டிக்ஸில் முதல் ஸ்லைடு அதுதான்.

அப்புறம் ஒரு சின்ன அட்டவணை, எல்லாம் கோடி ரூபாயில்:

| பகுதி | டார்கெட் | விற்பனை | வித்தியாசம் |
|---|---|---|---|
| சென்னை | 4.50 | 4.70 | +0.20 |
| கோவை | 3.50 | 3.55 | +0.05 |
| மதுரை | 2.50 | 1.70 | −0.80 |
| திருச்சி | 1.50 | 1.45 | −0.05 |
| மொத்தம் | 12.00 | 11.40 | −0.60 |

எக்செலில் முழு ரூபாயாக இருப்பதைக் கோடியாக்க `=B2/10000000` போதும். ஒரு ஸ்லைடில் லட்சம், அடுத்ததில் கோடி என்று அட்டவணைகள் மாறினால், கேட்பவர் மனசுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். நீங்கள் சொல்வது காதில் ஏறாது.

படி 2: தீபாவளியைக் கணக்கில் எடுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். போன ஆண்டு இதே காலாண்டில் விற்பனை 10.00 கோடி என்று வைத்துக்கொள்வோம். இப்போது 11.40. அப்படியானால் 14% வளர்ச்சி, கைதட்டு. ஆனால் தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. பண்டிகைக்கு முந்தைய வாரங்களில்தான் ஸ்டாக்கிஸ்டுகள் சரக்கை ஏற்றுவார்கள். போன ஆண்டு அக்டோபரில் போன பில்லில் ஒரு பகுதி, இந்த ஆண்டு செப்டம்பரிலேயே வந்துவிட்டது.

சரிபார்ப்பது எளிது. செப்டம்பர் 30 என்பது இந்தத் தீபாவளிக்கு 20 நாள் முன்பு. போன ஆண்டு அதே 20 நாள் முன்பு என்றால் அக்டோபர் 11. ஆகவே 2024 ஜூலை 12 முதல் அக்டோபர் 11 வரை, அதே 92 நாள் விற்பனையைக் கூட்டுங்கள். அது 10.90 கோடி வருகிறது என்றால், உண்மையான வளர்ச்சி 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. இரண்டு எண்களையும் காட்டுங்கள். 14-ஐ மட்டும் காட்டினால், அக்டோபர் விற்பனை படுத்துக்கொள்ளும்போது அடுத்த ரிவியூவில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

படி 3: சம்மரி ஸ்லைடு

இதைத் தனியாக ஒரு நாள் எடுத்தே செய்யலாம், தப்பில்லை. தலைப்பில் "இரண்டாம் காலாண்டு விற்பனை" என்று போடாதீர்கள்; அது கோப்பின் பெயர். நடந்ததை ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள். நம் ஸ்லைடு இப்படி வரும்:

> டார்கெட்டில் 95%. மதுரையில் 80 லட்சம் விழுந்தது. மற்ற மூன்று பகுதிகளும் சேர்ந்து 20 லட்சத்தை ஈடுகட்டின
>
> விற்பனை 11.40 கோடி, டார்கெட் 12.00 கோடி.
>
> போன ஆண்டைவிட 14% கூடுதல். தீபாவளி முந்தி வந்ததைச் சரிசெய்தால் சுமார் 5%.
>
> மதுரைப் பள்ளத்தில் 50 லட்சம் ஒரே ஸ்டாக்கிஸ்டால். பழைய பாக்கிக்காக அவருக்குச் சப்ளையை நிறுத்தியிருக்கிறோம்.
>
> முடிவு தேவை, அக்டோபர் 8-க்குள்: பாதிப் பாக்கி கட்டினால் சப்ளையைத் திறக்கலாமா, அல்லது அந்த ஏரியாவைப் பக்கத்து ஸ்டாக்கிஸ்டுக்குக் கொடுக்கலாமா?

கடைசி வரியைக் கவனியுங்கள். தேதி இல்லாவிட்டால் "பார்க்கலாம்" என்று சொல்லிக் கூட்டம் கலைந்துவிடும், தீபாவளியும் போய்விடும். மேனேஜர் தேர்ந்தெடுக்க இரண்டு வழி கொடுங்கள். "மதுரையில் கூடுதல் கவனம் தேவை" என்று எழுதினால் யாரும் எதையும் செய்யப்போவதில்லை.

எழுத்தளவு 18-க்குக் கீழே இறங்க வேண்டியிருந்தால் வாக்கியத்தை வெட்டுங்கள். வண்ணம் ஒன்று போதும், அதுவும் மதுரைக்கு மட்டும். மற்றவை சாம்பல்.

படி 4: விளக்க ஸ்லைடுகள்

சம்மரியின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஸ்லைடு, அதே வரிசையில். 12.00-இலிருந்து 11.40-க்கு எப்படி வந்தோம் என்று காட்ட வாட்டர்ஃபால் சார்ட் நல்லது. `Insert > Chart > Waterfall` போய் டார்கெட், நான்கு பகுதிகளின் வித்தியாசம், கடைசியில் விற்பனை என்று எண்களைக் கொடுங்கள். உடனே கடைசிக் கம்பி 11.40-இல் நிற்காமல், அதன் மேலேயே ஏறி 22.80-இல் போய் நிற்கும். பயப்படாதீர்கள். பவர்பாயின்ட் அதையும் கூட்டிவிட்டது. அந்தக் கம்பியை மட்டும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து `Set as Total` கொடுத்தால் தரைக்கு வந்துவிடும்.

படி 5: அப்பெண்டிக்ஸ்

கிடைத்த அட்டவணையை எல்லாம் கொட்டும் இடம் அல்ல இது. கூட்டத்தில் யார் என்ன கேட்பார்கள் என்று ஐந்தாறு கேள்விகளை எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைடு. தலைப்பே கேள்வியாக இருக்கட்டும்: "மதுரையின் மீதி 30 லட்சம் எங்கே போனது?" (புது மிக்ஸி மாடல் தாமதமாக வந்ததில் 20, சில்லறைக் காரணங்களில் 10.) "தீபாவளிக் கணக்கு எப்படிப் போட்டோம்?" "விற்பனை என்று எதைச் சொல்கிறோம், எந்தத் தேதி வரையிலான டேட்டா?"

ஸ்லைடுகளுக்கு அ1, அ2 என்று எண் கொடுத்து, சம்மரி வரியின் ஓரத்தில் அந்த எண்ணைச் சின்னதாகப் போடுங்கள். அதைத் தேர்ந்தெடுத்து `Insert > Link > Place in This Document` வழியாக அந்த ஸ்லைடோடு இணைத்துவிட்டால், கேள்வி வந்ததும் ஒரு கிளிக். திரும்பி வர அ-ஸ்லைடிலும் சம்மரிக்கு ஒரு லிங்க் வையுங்கள்; பலர் இதை மறந்துவிட்டு எல்லார் முன்னாலும் எஸ்கேப் கீயைத் தேடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. எக்செல் சார்ட்டை `Embed Workbook` என்று ஒட்டினால், அதோடு முழு ஒர்க்புக்கும் உள்ளே வந்துவிடும். டெக் கையில் கிடைத்த யாரும் சார்ட்டில் `Edit Data` கொடுத்து, அதே கோப்பில் இருக்கும் ஸ்டாக்கிஸ்ட் மார்ஜினைப் படிக்கலாம். வெளியே அனுப்பும் காப்பியில் `Picture` என்றே ஒட்டுங்கள்.

அனுப்பும் முன் ஒரு கால்குலேட்டரை எடுத்து 11.40 என்ற எண் வரும் இடங்களை எல்லாம் கூட்டிப் பாருங்கள். சம்மரியில் 11.40, அ2-இல் 11.38 என்று இருந்தால், மதுரையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அந்த இரண்டு லட்சத்தில் போய்விடும்.